பத்து ரூபாய் எங்கே போயிற்று?



கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் அன்பர் ஒருவர் சென்ற மாதம் இரண்டு காகிதங்களைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டினார். தாயகத்திலே அவருக்கு வாடகைக்கு விட்ட கட்டடங்கள் இரண்டு உண்டு. வாடகையிலும் வங்கி வட்டியிலும் முன்கூட்டியே பிடித்த வரி அதிகமானபடியால், மிகுதியைத் திரும்பப் பெற ஆண்டுதோறும் கணக்குக் கொடுப்பார். இம்முறை தாமே போட்ட கணக்கில் திரும்ப வரவேண்டியது 1,78,020 ரூபாய். சென்னைக் கணக்கர் அனுப்பிய தாளிலோ 1,78,030 ரூபாய். பத்து ரூபாய் பெரிதல்ல. ஆயினும் பேரேடு எழுதிப் பழகிய மனிதருக்கு உறக்கம் வருமா? கணக்கர் எங்கோ தவறிவிட்டார் என்றே அவர் நினைத்தார். இரு தாள்களையும் வரிவரியாக ஒத்துப் பார்த்தோம்.

அதற்குள் நுழையுமுன் நம் கல்லாவில் அன்றாடம் நடப்பதை நினைவுகூர்வது நல்லது. 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் ரொக்கமாகக் கொடுக்கும் தொகையை அருகிலுள்ள 5 காசுக்குச் சரிசெய்து வாங்குகிறோம். சரிசெய்வது பில்லின் மொத்தத்தை மட்டுமே. ஒவ்வொரு சாமானின் விலையையும் அல்ல. பிரிக்பீல்ட்ஸில் சேவை வரிக்குப் பதிவு பெற்ற ஓர் உணவகம், ஒரு கிளாஸ் 2 வெள்ளி 60 காசு என்று பத்து தே தாரிக் விற்றதாகக் கொள்வோம். மொத்தம் 26 வெள்ளி. 6 சதவீத வரி 1 வெள்ளி 56 காசு. ஆக 27 வெள்ளி 56 காசு. ரொக்கமாக வாங்குவது 27 வெள்ளி 55 காசு. ஆனால் இயந்திரம் கிளாஸுக்குக் கிளாஸ் வரி போட்டால், 15.6 காசு 16 காசாகி, பத்துக்கு 1 வெள்ளி 60 காசு வரியாகும். வாடிக்கையாளர் 27 வெள்ளி 60 காசு கொடுப்பார். தேநீரும் ஒன்று, வரி விகிதமும் ஒன்று. கூடுதல் 5 காசு எங்கிருந்து வந்தது? இடையிலே சரிசெய்ததால் வந்தது. மேலும் ஒன்று: முறையான பில்லில் ரொக்கத்துக்காக விட்ட 1 காசு வரிக் கணக்கைத் தொடாது. வரி 1 வெள்ளி 56 காசுதான். அந்த ஒரு காசைத் தனிக் கணக்கில் எழுதவேண்டும்.

இனி அன்பரின் தாளுக்கு வருவோம். இந்தியாவின் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இரண்டே இடங்களில் பத்து ரூபாய்க்குச் சரிசெய்யச் சொன்னது. 288ஏ பிரிவு மொத்த வருமானத்தையும், 288பி பிரிவு கடைசியில் கட்டவேண்டிய அல்லது திரும்பப் பெறவேண்டிய தொகையையும் சொல்லும். முறை இரண்டுக்கும் ஒன்றே. முதலில் பைசாவை அப்படியே விட்டுவிட வேண்டும். பிறகு கடைசி இலக்கம் 5 அல்லது அதற்கு மேலானால் மேலே உள்ள பத்துக்கு ஏற்றவேண்டும். குறைந்தால் கீழே உள்ள பத்துக்கு இறக்கவேண்டும்.

பைசாவை "விடுவது" என்பதைக் கவனியுங்கள். 5,874 ரூபாய் 80 பைசாவை நம்மில் பலர் முதலில் 5,875 ஆக்கி, அப்புறம் 5,880 ஆக்கிவிடுவோம். சட்டப்படி 80 பைசா போய்விட்டது. மீதி 5,874, அது 5,870 ஆகும். இரண்டு முறை ஏற்றினால் பத்து ரூபாய் தானாக முளைக்கிறது.

2024-25 நிதியாண்டுக்குரிய அவர் கணக்கு இது. முதல் கட்டடத்தின் வாடகை 3,60,000; நகராட்சி வரி 4,450 போக 3,55,550. அதில் சட்டம் அனுமதிக்கும் 30 சதவீதம் கழித்தால் 2,48,885. இரண்டாவதன் வாடகை 2,10,000. வரி 3,450 போக 2,06,550. 30 சதவீதம் கழித்து 1,44,585. என்.ஆர்.ஓ. கணக்கில் வட்டி 19,426. மூன்றையும் கூட்டினால் 4,12,896. இங்கேதான் முதல் சரிசெய்தல்: 4,12,900.

அந்த ஆண்டின் புதிய வரி முறையில் முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 7 லட்சம் வரை 5 சதவீதம். 1,12,900-க்கு 5,645 ரூபாய். சுகாதார, கல்வி மேல்வரி 4 சதவீதம், அதாவது 225 ரூபாய் 80 பைசா. ஆக 5,870 ரூபாய் 80 பைசா. முன்பே பிடித்தது 1,83,901. கழித்தால் 1,78,030 ரூபாய் 20 பைசா. பைசா போக 1,78,030. கணக்கர் எழுதியது இதுவே.

நம் அன்பர் என்ன செய்தார்? கை சுத்தமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு வரியிலும் பத்துக்குச் சரிசெய்தார். 2,48,885 என்பது 2,48,890 ஆயிற்று, 1,44,585 என்பது 1,44,590, வட்டி 19,430. கூட்டு 4,12,910. வரி 5,645 ரூபாய் 50 பைசா வந்ததை 5,650 ஆக்கினார். அதற்கு மேல்வரி 226. அதை 230 ஆக்கினார். வரி 5,880. பிடித்த தொகையையும் 1,83,900 ஆக்கிக் கழித்து 1,78,020 என்று கண்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வருமானத்தில் பத்து ரூபாய் கூடியதால் வந்த கேடு மிகச் சொற்பம்; மேல்வரி சேர்த்து 52 பைசாதான். வரியைச் சரிசெய்ததில் 4 ரூபாய் 50 பைசா, மேல்வரியில் 4 ரூபாய் என்று ஏறியதே பெரும்பகுதி. ஏனெனில் வருமானத்தின் பிழை விகிதத்தால் சுருங்கிவிடுகிறது. வரியின் பிழையோ முழுதாக நிற்கிறது. அவருடைய தொகைகளின் கடைசி இலக்கங்கள் பெரும்பாலும் 5-ம் 6-மாக அமைந்ததால் எல்லாம் ஒரே பக்கம் ஏறின. சில 3, 4 என்று இருந்திருந்தால் ஏற்றமும் இறக்கமும் ஈடாகி, தவறான முறையிலேயே சரியான விடை வந்திருக்கும். நாமும் கண்டுபிடித்திருக்க மாட்டோம். முந்திய ஆண்டுகளில் அவர் கணக்கு ஒத்துப்போனதற்கு இதுவே காரணமாயிருக்கலாம்.

அவர் செய்ததில் உண்மையிலேயே ஆபத்தானது அந்த 1,83,901-ஐத் தொட்டதுதான். அது நாம் கணக்கிட்ட எண்ணல்ல. பிடித்தவர்கள் நம் பெயரில் கட்டியதாக 26ஏஎஸ் படிவத்தில் பதிவாகியிருக்கும் எண். ஒரு ரூபாய் குறைத்தால் அந்த ரூபாயை நாமே விட்டுக்கொடுக்கிறோம். 1,83,910 என்று ஏற்றி எழுதினாலோ, கட்டாத வரியைக் கேட்டதாகும். பதிவோடு பொருந்தாது, கேள்வி வரும்.

வித்தியாசம் காணும்போது அது சரிசெய்தலால் வந்ததா, வேறு பிழையா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒருமுறை சரிசெய்தால் அதிகம் போனால் 5 ரூபாய் மாறும். அன்பரின் கணக்கில் வரி, மேல்வரி, பிடித்தம் ஆகிய மூன்றில் கூடினால் 15. வருமானத்தின் மூன்று தொகைகளால் ஒரு ரூபாய்க்கும் குறைவு. கடைசிச் சரிசெய்தலையும் சேர்த்தால் வித்தியாசம் 20 ரூபாயைத் தாண்டாது. 30, 40 என்று வந்தால் பத்தைப் பழிக்கவேண்டாம். நகராட்சி வரியை 30 சதவீதத்துக்கு முன் கழித்தோமா, பின் கழித்தோமா என்று அங்கே போய்ப் பார்க்கவேண்டும். அன்பர் தம் தாளைப் பைசாவோடு மறுபடி எழுதி, மொத்த வருமானத்திலும் கடைசி வரியிலும் மட்டும் சரிசெய்தார். 1,78,030 வந்தது.