குழிலென்ஸ் சேர்ந்த மூன்று லென்ஸ்களின் கூட்டுத் திறன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒன்றையொன்று தொட்டபடி ஒரே அச்சில் வைக்கப்பட்ட மெல்லிய லென்ஸ்களின் கூட்டு விளைவைக் காண அவற்றின் திறன்களைக் கூட்டினால் போதும் என்பது பள்ளிப் பாடநூல்களில் ஒரே வரியில் முடிந்துவிடும் விதி. இரண்டு குவிலென்ஸ்களோடு நிற்கும்வரை இந்த விதியில் எவரும் அதிகம் தடுமாறுவதில்லை. மூன்றாவதாக ஒன்று சேர்ந்து, அந்த மூன்றில் ஒன்று ஒளியை விரிக்கும் குழிலென்ஸாகவும் அமைந்துவிட்டால், தவறான நம்பிக்கைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டத் தொடங்குகின்றன. 20 செ.மீ. குவியத் தொலைவுள்ள ஒரு குவிலென்ஸ், 25 செ.மீ. குவியத் தொலைவுள்ள ஒரு குழிலென்ஸ், 50 செ.மீ. குவியத் தொலைவுள்ள இன்னொரு குவிலென்ஸ் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு அந்த நம்பிக்கைகளைச் சோதிக்கலாம்.

நம்பிக்கை: குவியத் தொலைவுகளைக் குறியோடு கூட்டினால் கூட்டுக் குவியத் தொலைவு கிடைக்கும்.

இதன்படி 20 − 25 + 50 = 45 செ.மீ. என்று விடை வரும். பார்வைக்கு நம்பத்தக்கதாகத் தோன்றுவதே இந்த விடையின் ஆபத்து. உண்மையில் கூட்டத்தக்கது குவியத் தொலைவு அன்று, லென்ஸ் ஒளிக்கதிரை வளைக்கும் அளவு. அச்சுக்கு இணையாக, அதிலிருந்து 1 செ.மீ. உயரத்தில் வரும் ஒரு கதிரைத் தொடர்ந்து சென்றால் இது தெளிவாகும். முதல் லென்ஸ் அந்தக் கதிரை 20 செ.மீ. தொலைவில் அச்சைத் தொடும்படி வளைப்பதால், கதிர் ஒவ்வொரு செ.மீ. முன்னேறும்போதும் 0.05 செ.மீ. கீழிறங்கும் சாய்வைப் பெறுகிறது. லென்ஸ்கள் மெல்லியவையாகவும் ஒட்டியும் இருப்பதால், அந்தச் சாய்வு உயரத்தை மாற்றுவதற்கு முன்பே, அதே 1 செ.மீ. உயரத்திலேயே கதிர் குழிலென்ஸையும் அடைகிறது. அது கதிரை அச்சிலிருந்து விலகும் திசையில் 1/25, அதாவது 0.04 அளவுக்கு வளைக்க, எஞ்சும் சாய்வு 0.01 மட்டுமே. மூன்றாவது லென்ஸ் 1/50, அதாவது 0.02-ஐ மீண்டும் கீழ்நோக்கிச் சேர்க்கிறது. மொத்தச் சாய்வு 0.03 ஆகிவிட்ட கதிர் 1 செ.மீ. உயரத்தை இழந்து அச்சைத் தொட 33.3 செ.மீ. பயணம் செய்ய வேண்டும். கூட்டின் குவியத் தொலைவு அதுவே.

இக்கணக்கில் கூட்டப்பட்டவை அனைத்தும் குவியத் தொலைவின் தலைகீழ்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மீட்டரில் அளந்த குவியத் தொலைவின் தலைகீழே லென்ஸின் திறன் (P = 1/f); அதன் அலகு டையாப்டர். பிரெஞ்சுக் கண் மருத்துவர் பெர்டினாண்ட் மோனோயே 1872-இல் முன்மொழிந்த இந்த அலகின் வசதி, பின்னங்களோடு போராடாமல் எளிய எண்களைக் கூட்டிக் கழிக்க முடிவதுதான். எடுத்துக்காட்டின் மூன்று லென்ஸ்களும் முறையே +5, −4, +2 டையாப்டர். கூட்டுத்தொகை +3 டையாப்டர். குவியத் தொலைவு 1/3 மீட்டர். குவியத் தொலைவைச் செ.மீ.-இல் வைத்துக்கொண்டே தலைகீழ் எடுத்தால் கிடைக்கும் 0.03 என்னும் எண் தவறானது அன்று, ஆனால் அது டையாப்டர் அன்று. விடைத்தாள்களில் இவ்விரண்டும் கலந்துவிடுவது மிகவும் வழக்கம்.

நம்பிக்கை: பெருக்கற்பலனைக் கூட்டுத்தொகையால் வகுக்கும் சூத்திரத்தை மூன்றுக்கும் நீட்டிக்கலாம்.

இரண்டு லென்ஸ்களுக்கு F = f₁f₂/(f₁ + f₂) என்பது சரியே. அதைப் பார்த்து மூன்றின் பெருக்கற்பலனை மூன்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால், −25000-ஐ 45-ஆல் வகுத்து −556 என்ற எண் கிடைக்கிறது. எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே அலகு காட்டிக்கொடுத்துவிடும்: மேலே கன செ.மீ., கீழே செ.மீ., ஆகவே விடை ஒரு பரப்பளவு; நீளம் அன்று. சரியான சூத்திரத்தில் பகுதியாக வர வேண்டியது f₁f₂ + f₂f₃ + f₃f₁ என்றாலும், அதை மனப்பாடம் செய்வதைக் காட்டிலும் திறன்களைக் கூட்டுவதே எளிது.

நம்பிக்கை: குழிலென்ஸ் ஒன்று சேர்ந்துவிட்டால் கூட்டு முழுவதும் ஒளியை விரிக்கும்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு; குழிலென்ஸின் எதிர்க்குறியைக் கைவிட்டு 5 + 4 + 2 = 11 டையாப்டர் என்று கூட்டி, 9.1 செ.மீ. என்ற குவியத் தொலைவை எழுதிவிடுவது. இரண்டுக்கும் மறுமொழி ஒன்றே. குழிலென்ஸ் இல்லாமல் இரண்டு குவிலென்ஸ்கள் மட்டும் இருந்திருந்தால் திறன் 7 டையாப்டர், குவியத் தொலைவு 14.3 செ.மீ. ஆகியிருக்கும். குழிலென்ஸ் அந்தக் குவிப்பைத் தளர்த்த மட்டுமே முடியும் என்பதால், கூட்டு குவிக்கும் தன்மையோடு இருக்கும்வரை அதன் குவியத் தொலைவு 14.3-ஐவிடப் பெரிதாகவே இருக்க வேண்டும், 9.1 என்ற விடை அந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. (முதலில் கண்ட 45 செ.மீ. இந்தச் சோதனையைத் தாண்டிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். குறியைச் சரிபார்க்கும் சோதனை முறையைச் சரிபார்க்காது.) கூட்டு விரிக்குமா குவிக்குமா என்பதைத் தீர்மானிப்பது குழிலென்ஸ் இருப்பதோ அவற்றின் எண்ணிக்கையோ அன்று, திறன்களின் கூட்டுத்தொகையின் குறி. −4-க்குப் பதிலாக −7 டையாப்டர் லென்ஸை வைத்தால் இணையாக வரும் கதிர்கள் இணையாகவே வெளியேறும். −8 வைத்தால்தான் கூட்டு −1 டையாப்டர் ஆகி, 100 செ.மீ. குவியத் தொலைவுள்ள குழிலென்ஸாக நடந்துகொள்ளும்.

இந்த உண்மையின் பயன் ஆய்வகத்தில் தெரிகிறது. குழிலென்ஸ் தனியாக நிற்கும்போது தொலைவிலுள்ள பொருளின் பிம்பத்தைத் திரையில் விழச் செய்வதில்லை. அது தருவது திரையில் பிடிக்க முடியாத மாயப்பிம்பம். ஆகவே அதைத் தெரிந்த குவிலென்ஸோடு ஒட்டி வைத்து, கூட்டின் குவியத் தொலைவை அளந்து, குழிலென்ஸின் பங்கைக் கழித்துக் காண்பதே வழக்கம். மேற்கண்ட −4 டையாப்டர் லென்ஸின் அளவு தெரியாது என்று கொண்டு, அதனுடன் 50 செ.மீ. குவிலென்ஸை மட்டும் ஒட்டினால் கூட்டு −2 டையாப்டர் ஆகிறது. திரையை எங்கே நகர்த்தினாலும் பிம்பம் விழாது. மூன்றாவது லென்ஸ் தேவைப்படுவது இங்கேதான். 20 செ.மீ. குவிலென்ஸையும் சேர்த்தவுடன், தொலைவிலுள்ள மரமோ கட்டடமோ தலைகீழாகத் திரையில் தெளிவாக விழுகிறது. அளந்த தொலைவு 33 செ.மீ. என்றால் கூட்டின் திறன் 3.03, அதிலிருந்து 7-ஐக் கழித்தால் −3.97; குழிலென்ஸின் குவியத் தொலைவு −25.2 செ.மீ.

எந்தக் குவிலென்ஸ்களைத் தேர்ந்தாலும் விடை ஒரே அளவு நம்பகமாக இருக்கும் என்று இதிலிருந்து முடிவு செய்வதும் பிழையே. கூட்டுத்தொகை பூஜ்யத்தை நெருங்கினால், எடுத்துக்காட்டாக அது +0.5 டையாப்டர் மட்டுமே ஆனால், திரை 2 மீட்டர் தள்ளிப் போக வேண்டும், பிம்பம் மங்கும், 167 செ.மீ.-க்கும் 250 செ.மீ.-க்கும் இடைப்பட்ட அவ்வளவு பெரிய வேறுபாடு திறனில் 0.2 டையாப்டராகவே இருக்கும். கூட்டுத்தொகை மிகப் பெரிதாகிவிட்டால் குவியத் தொலைவு சில செ.மீ. அளவுக்குச் சுருங்கி, ஒரு மில்லிமீட்டர் பிழையும் விடையில் பெரிதாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே அமையும் கூட்டே வேலைக்கு ஏற்றது.

நம்பிக்கை: குழிலென்ஸ் முதலில் வந்தால் விடை வேறாகும்.

ஒட்டி வைத்த மெல்லிய லென்ஸ்களுக்கு வரிசை பொருட்டே அன்று. முதல் வரிசையில் முதல் லென்ஸ் 20 செ.மீ.-இல் உருவாக்க முனையும் பிம்பம் குழிலென்ஸுக்கு மாயப் பொருளாகிறது; 1/20 − 1/25 = 1/100 என்பதால் குவியும் இடம் 100 செ.மீ.-க்குத் தள்ளிப்போகிறது, மூன்றாவது லென்ஸ் அதை 33.3-க்கு இழுத்து வருகிறது. குழிலென்ஸை முதலிலும் 50 செ.மீ. லென்ஸை அடுத்தும் வைத்தால் இடைநிலை முற்றிலும் வேறு: −1/25 + 1/50 = −1/50, அதாவது கதிர்கள் இன்னும் விரிந்துகொண்டே செல்கின்றன. ஆயினும் கடைசியில் 20 செ.மீ. லென்ஸ் சேர்க்கும் 1/20-ஓடு கூட்டினால் அதே 3/100 கிடைக்கிறது.

நம்பிக்கை: திறன்களைக் கூட்டும் விதி எல்லா லென்ஸ் அமைப்புக்கும் பொருந்தும்.

முதலில் பின்தொடர்ந்த கதிர் மூன்று லென்ஸ்களையும் ஒரே உயரத்தில் தொட்டது என்பதே முழுக் கணக்கின் அடித்தளம். இடைவெளி வந்தவுடன் அந்த அடித்தளம் போய்விடுகிறது. +5 லென்ஸுக்கும் −4 லென்ஸுக்கும் இடையே 5 செ.மீ. விட்டால், 0.05 சாய்வோடு இறங்கும் கதிர் குழிலென்ஸை அடையும்போது அதன் உயரம் 0.75 செ.மீ. ஆகிவிடுகிறது, குழிலென்ஸ் அதை 0.04-க்குப் பதிலாக 0.03 அளவுக்கே விலக்க முடிகிறது. எஞ்சும் சாய்வு 0.02, திறன் 2 டையாப்டர். வெறுமனே கூட்டியிருந்தால் 1 டையாப்டர் என்றே வந்திருக்கும்.

இரண்டு லென்ஸ்களுக்கு இந்தத் திருத்தத்தை P = P₁ + P₂ − dP₁P₂ என்று எழுதுவர்; d என்பது மீட்டரில் இடைவெளி. லென்ஸ்களில் ஒன்று குழிலென்ஸானால் P₁P₂ எதிர்க்குறி பெறுவதால், இடைவெளி குவிப்பைக் கூட்டவே செய்கிறது. கண் பரிசோதனைச் சட்டகத்தில் அடுக்கப்படும் லென்ஸ்களுக்கிடையே 5 மி.மீ. இடைவெளி இருந்தாலும், +5, −4 ஆகியவற்றுக்கு இந்தத் திருத்தம் 0.1 டையாப்டர் மட்டுமே. கண்ணாடி எழுதும்போது வழக்கமாகக் கொள்ளும் 0.25 டையாப்டர் படியைவிட அது சிறியது என்பதால் கூட்டல் விதி அங்கே செல்லும். +15-உம் −10-உம் அதே இடைவெளியில் அமைந்தால் திருத்தம் 0.75 டையாப்டர் ஆகிவிடும். அங்கே விதியை நம்ப முடியாது.

ஒட்டி வைக்கும்போது பிழையாகக் கருதப்படும் இந்த வேறுபாட்டைப் பயனாக மாற்றிக்கொண்ட அமைப்பு, இங்கிலாந்தில் யார்க் நகரின் குக் நிறுவனத்தில் பணியாற்றிய டென்னிஸ் டெய்லர் 1893-இல் காப்புரிமை பெற்ற புகைப்பட லென்ஸ். சம திறனுள்ள குவிலென்ஸையும் குழிலென்ஸையும் ஒட்டி வைத்தால் திறன் பூஜ்யம். பிரித்து வைத்தால், இரண்டின் கூட்டுத்தொகை பூஜ்யமாகவே இருந்தும், அமைப்பு குவிக்கும். பிம்பத் தளத்தை வளைக்கும் பிழை, அதே கண்ணாடியாலான மெல்லிய லென்ஸ்களில் திறன்களின் கூட்டுத்தொகையைப் பொறுத்ததேயன்றி இடைவெளியைப் பொறுத்தது அன்று என்பதால், பிரித்து வைப்பதால் குவிப்புக் கிடைக்கிறது, பிம்பம் தட்டையாகவும் இருக்கிறது. டெய்லர் குவிலென்ஸை இரண்டாகப் பிரித்துக் குழிலென்ஸின் இருபுறமும் காற்றிடைவெளியோடு நிறுத்தினார். அந்த மூன்றின் திறன்களை வெறுமனே கூட்டிப் பார்ப்பவருக்கு அதன் உண்மையான குவியத் தொலைவு கிடைக்காது.