குடிபூரலுக்குப் பகிடியாய் ஒரு அழைப்பு

கேள்வி: யாழ்ப்பாணத்தில் வீடு குடிபுகும் அழைப்பிதழ்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பது ஏன்? அதைப் பகிடியாக எழுதினால் நேரமும் இடமும் குழம்பாதா?

பதில்: யாழ்ப்பாணப் பேச்சில் இந்தச் சடங்குக்குப் பெயர் ‘குடிபூரல்’. குடிபுகுதல் என்பதே வாயில் அப்படித் தேய்ந்தது. பால் காய்ச்சுதல் என்றும் சொல்வார்கள். அச்சடித்த அட்டை வருமுன் வீட்டுக்காரர் உறவினரின் படலைக்குப் போய் நேரில் சொன்னார். நாளும் நேரமும் வாயாலேயே போயின. வழியைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை, ஏனென்றால் வருவோர் அயலூரவர்தாம்.

அட்டை வந்தபோது அது பஞ்சாங்கத்தின் மொழியை எடுத்துக்கொண்டது. ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி வருடப் பெயர், மாதம், நாள், சுபமுகூர்த்தம் என்று அது போகும். வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது. ‘பராபவ வருடம்’ என்றால் 1966 ஆகவும் இருக்கலாம், 2026 ஆகவும் இருக்கலாம். மேலே பிள்ளையார் படம் இருக்கும் அட்டையில் பகிடி விட யாருக்கும் துணிவு வராது. ஆகவே பகிடி அட்டைக்கு வெளியே, அட்டையோடு தொலைபேசியில் அனுப்பும் செய்தியில் இடம் பிடித்திருக்கிறது. ஊர்ப் பேச்சையே அச்சில் சிரிப்பாக்கும் வழக்கமோ பழையது. ‘சிரித்திரன்’ இதழில் சுந்தர் என்ற சிவஞானசுந்தரம் அதைத்தான் செய்தார்.

குழப்பம் பகிடியால் வருவதைவிடப் பஞ்சாங்கத்தால் வருவதே அதிகம். பஞ்சாங்கத்துக்கு நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, மணிக்கூட்டுக்கு நள்ளிரவில். விடிவதற்கு முந்திய 4.40 மணி முகூர்த்தம் பஞ்சாங்கத்தில் ‘ஞாயிறு பின்னிரவு’, நாட்காட்டியில் திங்கட்கிழமை. ‘ஞாயிறு 4.40’ என்று மட்டும் எழுதினால் பாதிப்பேர் ஒரு நாள் முந்தி வந்து பூட்டிய வீட்டைப் பார்ப்பார்கள். 1996இல் நாட்டின் நேரம் முன்நகர்த்தப்பட்டு 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஆனது. அந்த ஆண்டுகளில் பழைய நேரமா புதிய நேரமா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்துகொண்டது.

இதையெல்லாம் கவனித்து எழுதிய ஒரு மாதிரி:

“மூன்று வருடமாய் ‘வீடு எப்ப முடியும்?’ என்று கேட்டவர்களுக்கு: முடிந்துவிட்டது. காசும்தான்.

பால் காய்ச்சுதல்: 2026 மே 25, திங்கட்கிழமை விடியற்காலை 4.40. ஞாயிறு இரவு படுத்து, விடிய முன்னம் எழும்ப வேண்டும்.

நித்திரையை விட மனமில்லாதோருக்கு: அதே திங்கள் மத்தியானம் 12.00 முதல் 2.30 வரை மரக்கறிச் சாப்பாடு. பால் பொங்கியதைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளலாம், காட்டிக்கொடுக்க மாட்டோம்.

இடம்: பலாலி வீதி, கோண்டாவில். திருநெல்வேலிச் சந்தியிலிருந்து வடக்கே வரும்போது வைரவர் கோயிலை அடுத்த இடப்பக்க ஒழுங்கை. அதில் வலப்பக்கம் நாலாவது வீடு, நீலப் படலை.

வாகனம்: காரைக் கோயில் வெளியில் விடவும். ஒழுங்கைக்குள் வந்த கார் திரும்பாது, பின்னுக்குத்தான் போகும். மோட்டார் சைக்கிள் உள்ளே வரலாம்.

அன்பளிப்பு: மணிக்கூடு வேண்டாம். அறைக்குச் சுவர் நாலுதான்.”

இதைச் சோதிக்கும் முறை இலேசானது. பகிடி வரிகளை விரலால் மறைத்துப் பார்க்க வேண்டும். எஞ்சியதைக் கொண்டு அந்நியர் ஒருவர் உரிய மணிக்கு உரிய படலையில் நிற்க முடியுமானால் அழைப்புச் சரி. மேலே உள்ளதில் மணி, கிழமை, திசை, வீட்டின் வரிசை எதிலும் பகிடி கலக்கவில்லை. அது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. ‘விடியக் கோழி கூவும்போது’, ‘கந்தையா அண்ணையின் பழைய கடைக்குப் பக்கத்தில்’ என்று எழுதினால் சிரிப்பு வரும், ஆள் வராது. கடை மூடிப் பல வருடமாகியிருக்கும், அது எங்கே இருந்தது என்பதும் ஊரவருக்கு மட்டும்தான் தெரியும். ஒழுங்கைகள் பலவற்றுக்குப் பெயர்ப்பலகை இல்லாத ஊரில், அசையாத அடையாளம் என்றால் கோயில், பாடசாலை, மதகு போன்றவைதான். படலையின் நிறத்தையும் சொல்லலாம், குடிபூரலுக்கு முதல்நாள் வேறு மை பூசாதிருந்தால்.

வெளிநாட்டு உறவினருக்குத் தனி வரி வேண்டும். மே மாதத்தில் இலங்கையின் திங்கள் 4.40 என்பது ரொறன்ரோவில் ஞாயிறு இரவு 7.10, லண்டனில் திங்கள் 12.10, அதாவது நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடம். காணொளியில் பார்ப்போருக்கு இந்த மணிகளையே எழுதிவிட வேண்டும், கணக்குப் பார்க்கச் சொல்லக் கூடாது.

கடைசி வரியாகத் தொலைபேசி எண் ஒன்றும் வேண்டும். வீட்டுக்காரரின் எண்ணைக் கொடுப்பது வழக்கம், ஆனால் அந்த நேரம் அவர் ஐயருக்கு முன்னால் ஓமப் புகையில் கண் கசக்கிக்கொண்டு இருப்பார். சந்தியில் நிற்கப்போகும் மருமகனின் எண்தான் வழி தவறியவருக்கு உதவும்.