புளியோதரைப் பொட்டலமும் எதிர்பார்ப்பு மதிப்பும்

சென்ற ஆண்டு பல்கலைக்கழகக் குளிர்காலச் சந்தையில் நம் சங்கம் நடத்திய புளியோதரைக் கடையை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காலையிலிருந்தே தூறல். மாலையில் கடையைக் கட்டியபோது 400 பொட்டலங்களில் 250 அப்படியே கிடந்தன. நூலகத்துக்கு நூல் வாங்கவென்று ஒதுக்கியிருந்த பணத்தில், கடை வாடகையும் சேர்த்து, 5,100 ரூபாய் கரைந்தது. “மழை கெடுத்துவிட்டது” என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் கெடுத்தது மழையன்று; நான் போட்ட கணக்கு. அக்கணக்கில் பிழை எங்கே நேர்ந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்முன் இரண்டு திட்டங்கள் இருந்தன. முதல் திட்டம், விடுதிச் சமையற்கூடத்தில் நாமே சமைப்பது. அங்குள்ள பாத்திரங்களில் 200 பொட்டலங்களுக்குமேல் இயலாது. பொட்டலம் ஒன்றுக்குப் பொருட்செலவு 30 ரூபாய். இரண்டாவது திட்டம், சமையற்காரர் ஒருவரை அமர்த்துவது. அவர் கூலி 2,000 ரூபாய். மூட்டையாகப் பொருள் வாங்குவதால் பொட்டலத்துக்கு 24 ரூபாய்தான் ஆகும். 400 பொட்டலம்வரை செய்யலாம். விற்கும் விலை இரண்டிலும் 50 ரூபாய். கடை வாடகை 1,000 ரூபாய் எத்திட்டத்திலும் கொடுத்தாக வேண்டியது. ஆகவே திட்டங்களை ஒப்பிடும்போது அதை விட்டுவிடலாம். சமையற்காரர் கூலி அப்படியன்று. இரண்டாம் திட்டத்தைத் தேர்ந்தால் மட்டுமே வருவதாகலின் அதைக் கழித்தே தீரவேண்டும். விற்பனை வரவிலிருந்து இத்தகைய செலவுகளைக் கழித்து நிற்பதையே இங்குப் பங்களிப்பு என்கிறேன்.

எத்தனை பேர் வாங்குவார்கள்? சங்கத்தின் பழைய கணக்கேடு உதவிற்று. பத்து ஆண்டுகளைத் தோராயமாக வகுத்தால், மழையோ கடும்பனியோ வந்த மூன்று ஆண்டுகளில் தேவை 150. வழக்கமான ஐந்து ஆண்டுகளில் 250. கூட்டம் நிரம்பிய இரண்டு ஆண்டுகளில் 400. ஆகவே நிகழ்தகவுகள் முறையே 0.3, 0.5, 0.2 எனக் கொண்டேன். சராசரித் தேவை 45 + 125 + 80, அதாவது 250 பொட்டலம்.

இதுவரை தவறில்லை. இதற்குப்பின் நான் செய்ததைக் கேளுங்கள். இரண்டாம் திட்டத்தில் பொட்டலம் ஒன்றுக்குக் கிடைப்பது 26 ரூபாய். அதைச் சராசரித் தேவையான 250-ஆல் பெருக்கினேன், 6,500 ரூபாய். கூலியைக் கழித்தேன்; 4,500 ரூபாய். முதல் திட்டத்தில் 200 பொட்டலமும் விற்றுவிடும் என்று கொண்டு, 20 ரூபாய் வீதம் 4,000 ரூபாய் என்றேன். சமையற்காரரே வெற்றி பெற்றார்!

இதில் இரண்டு பிழைகள் உள்ளன. முதலாவது, 26 ரூபாய் கிடைப்பது விற்ற பொட்டலத்துக்குத்தான். விற்காத பொட்டலம் ஒவ்வொன்றும் 24 ரூபாயை விழுங்கிவிடுகிறது. புளியோதரையைச் சந்தைக்கு முன்பே சமைத்துவிடுகிறோம். ஆகவே பொருட்செலவு சமைத்த எண்ணிக்கையைப் பொறுத்தது. வரவு மட்டுமே விற்ற எண்ணிக்கையைப் பொறுத்தது. இரண்டாவது, முதல் திட்டத்தில் தேவை 250 ஆனாலும் 400 ஆனாலும் 200-க்குமேல் விற்க இயலாது. தேவை குறைந்தாலோ விற்பனையும் குறையும். நல்ல ஆண்டு கெட்ட ஆண்டை ஈடுசெய்வதில்லை. ஆகவே சராசரித் தேவை 250 என்பதால் 200-ம் விற்றுவிடும் என்று எண்ணுவது தவறு.

சரியான வழி இதுதான்: ஒவ்வொரு நிலைக்கும் பங்களிப்பைத் தனித்தனியே கண்டு, பின்னரே நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டவேண்டும்.

முதல் திட்டத்தில் செலவு 6,000 ரூபாய். 150 விற்றால் வரவு 7,500, பங்களிப்பு 1,500. மற்ற இரு நிலைகளிலும் 200 விற்கும், பங்களிப்பு 4,000. எதிர்பார்ப்பு மதிப்பு 0.3 × 1,500 + 0.7 × 4,000 = 3,250 ரூபாய்.

இரண்டாம் திட்டத்தில் 400 சமைத்தால் செலவு 9,600-உம் கூலி 2,000-உம் ஆக 11,600 ரூபாய். 150 விற்றால் 4,100 நட்டம். 250 விற்றால் 900 ஆதாயம். 400-ம் விற்றால் 8,400 ஆதாயம். எதிர்பார்ப்பு மதிப்பு −1,230 + 450 + 1,680 = 900 ரூபாய்.

ஆக, 4,500 என்று நான் எழுதியது உண்மையில் 900. மழை பெய்யாமல் வழக்கமான நாளாக இருந்திருப்பினும் 900 ரூபாய்தான் வந்திருக்கும், வாடகைக்குக்கூடப் போதாது.

இவ்விடத்தில் ஒரு நண்பர் கேட்டார்: “சமையற்காரரை அமர்த்தினால் 400-தான் செய்யவேண்டுமா?” நல்ல கேள்வி. 150-க்குமேல் 250 வரையுள்ள பொட்டலம் ஒன்று விற்கும் நிகழ்தகவு 0.7. அதனால் எதிர்பார்க்கும் வரவு 35 ரூபாய், செலவு 24. ஆகவே செய்யலாம். 250-க்கு மேற்பட்ட பொட்டலம் விற்கும் நிகழ்தகவு 0.2 மட்டுமே, எதிர்பார்க்கும் வரவு 10 ரூபாய். 24 ரூபாய் போட்டு 10 ரூபாய் எடுப்பார் யார்? எனவே 250-இல் நிறுத்தவேண்டும். அப்போது செலவு 8,000. தேவை குறைந்தால் 500 நட்டம், மற்றபடி 4,500 ஆதாயம். எதிர்பார்ப்பு மதிப்பு 3,000 ரூபாய். நாமே சமைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு 250 ரூபாயே.

இவ்வளவு சிறிய வேறுபாட்டில், 0.3 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்கவேண்டும். பத்து ஆண்டில் மூன்று என்பது இரண்டாகவும் இருந்திருக்கக்கூடும். தேவை குறையும் நிகழ்தகவை ப என்போம். நாமே சமைத்தால் 4,000 − 2,500ப. சமையற்காரர் 250 செய்தால் 4,500 − 5,000ப. இரண்டும் சமமாவது ப = 0.2 ஆகும்போது. ப ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்டால் நம் கையே நமக்கு உதவி. குறைந்தால் சமையற்காரர் மேல். 400 சமைப்பதோ, தேவை 150-ஆகக் குறையவே குறையாது என்று கொண்டு மற்ற இரு நிலைகளை 5-க்கு 2 என்றே பகிர்ந்தாலும், 3,043 ரூபாய்க்குமேல் எட்டாது.

ஒன்றை மறக்கலாகாது. 3,250 ரூபாய் எந்த ஆண்டிலும் கையில் வருவதில்லை. வருவது 1,500 அல்லது 4,000. பல ஆண்டுகள் நடத்தினால் சராசரி அதை நெருங்கும் என்பதே பொருள். நூலகப் பணத்தை வைத்து ஒரே ஒருமுறை ஆடுவோர் மிகக் கெட்ட நிலையில் என்ன ஆகும் என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நாமே சமைப்பதில் மாணவர் ஐவரின் ஒருநாள் உழைப்புக்கு விலை போடவில்லை என்பதும் உண்மை.

இவ்வாண்டு செயற்குழுவுக்கு என் யோசனை இது. சமையற்காரருக்கு மூன்று நாள் முன்னர்ச் சொன்னால் போதும். அன்று வானிலை அறிக்கையைப் பாருங்கள். மழையோ கடும்பனியோ இல்லையென்றால் ப ஐந்தில் ஒன்றுக்குக் கீழே இறங்கியதாகக் கொண்டு அவரை அழைத்து 250 சொல்லுங்கள். ஐயமிருந்தால் விடுதி அடுப்பைப் பற்றவையுங்கள். புளி கரைக்க நான் வருகிறேன்.