மையித்தின் கடனுக்கு யார் பொறுப்பு?

நம் பகுதியில் ஜனாஸா தொழுகைக்கு முன் வாரிசு ஒருவர் நின்று, "மையித் யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள்" என்று அறிவிப்பதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதற்குப் பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதில்தான் குழப்பம். மௌத்தாகி நாற்பது நாள் முடிவதற்குள் பிள்ளைகள் வீட்டைப் பங்கு வைத்துவிடுகிறார்கள். கடன் கொடுத்தவர் வந்தால் மூத்த மகன் தலையில் எல்லாவற்றையும் கட்டுகிறார்கள், அல்லது "வாப்பா வாங்கினார், வாப்பாவோடு போயிற்று" என்று கையை விரிக்கிறார்கள். இரண்டுமே தவறு.

மார்க்கத்தின் நிலை இதுதான்: கடன் மையித்துடையது. அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்தே அது அடைக்கப்பட வேண்டும். சூரத்துந் நிஸாவின் 11, 12 ஆயத்துகளில் ஒவ்வொரு பங்கும் வஸிய்யத்தும் கடனும் போக எஞ்சியதிலிருந்தே என்று அல்லாஹ் திரும்பத் திரும்பச் சொல்கிறான். உலமாக்கள் தந்திருக்கும் வரிசைப்படி கஃபன், அடக்கச் செலவு முதலில், பிறகு கடன், பிறகு எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், கடைசியாக வாரிசுப் பங்கு. அடகு வைத்த பொருள் இருந்தால், அதன் மீது கடன் கொடுத்தவருக்கு அந்தப் பொருளில் முதல் உரிமை உண்டு.

இந்த வரிசையை ஒரு மகன் எப்படி நடத்திக் காட்டினார் என்பது ஸஹீஹுல் புகாரியில் விரிவாக வருகிறது. ஹிஜ்ரி 36-இல் ஜமல் போரின்போது ஸுபைர் பின் அவ்வாம் (ரலி) தம் மகன் அப்துல்லாஹ்வை (ரலி) அழைத்து, தமக்குப் பெரிய கவலை கடன்தான், சொத்தை விற்று அதை அடைத்துவிடு என்றார்கள். கடன் 22 லட்சம். அவர்கள் விட்டுச் சென்றதில் ரொக்கமாக ஒரு தீனாரோ திர்ஹமோ இல்லை. நிலங்களும் வீடுகளும்தான் இருந்தன. இவ்வளவு கடன் எப்படி வந்தது? மக்கள் அமானிதமாகப் பணம் கொண்டுவந்தால் அவர்கள் அதை அமானிதமாக ஏற்க மாட்டார்கள். தொலைந்துவிடுமோ என்று பயந்து, கடனாகவே வைத்துக்கொள்வதாகச் சொல்வார்கள். அமானிதம் தவறுதலின்றித் தொலைந்தால் வைத்திருந்தவர் ஈடு கட்ட வேண்டியதில்லை, கடன் என்றால் கொடுத்தே தீர வேண்டும். பிறர் பணத்துக்குப் பாதுகாப்பாகத் தம் கழுத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

மகன் மதீனாவுக்கு அருகிலிருந்த அல்-ஃகாபா என்னும் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். (கஅபா அல்ல, இது வேறு பெயர்.) தந்தை 1,70,000-க்கு வாங்கிய அந்த நிலம் 16 லட்சத்துக்கு மதிக்கப்பட்டது. 4 லட்சம் வரவேண்டியிருந்த அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) கடனை விட்டுத்தருவதாகச் சொன்னார்கள். மகன் ஏற்கவில்லை. கடைசியில் கேட்டுவா என்றார்கள், அதையும் ஏற்கவில்லை. நிலத்திலேயே அவருக்குரிய பகுதியை அளந்து கொடுத்தார்கள். கடன் தீர்ந்ததும் மற்ற வாரிசுகள் பங்கு கேட்டார்கள். அவர்களோ, கடன்காரர் யாராவது இருந்தால் வரட்டும் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவித்த பிறகுதான் பங்கு வைத்தார்கள். நம் ஊரில் ஒரு ஜனாஸாவில் ஒரு நிமிடம் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறோம். நான்கு ஆண்டுகள் காத்திருங்கள் என்று நாம் சொல்லவில்லை. பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போட்டு, ஓரிரு ஜும்ஆக்களில் அறிவிப்பது பெரிய காரியமா?

இனி நம் பக்கத்துக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். மாமல்லபுரத்தில் சிப்பிப் பொருள் கடை வைத்திருந்த ஒருவர் மௌத்தாகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். பெற்றோர் முன்பே காலமானவர்கள். கடை அட்வான்ஸ், சரக்கு, வங்கி இருப்பு எல்லாம் சேர்த்து 5,00,000 ரூபாய். அடக்கச் செலவு 20,000 போக 4,80,000. நண்பரிடம் வாங்கியது 1,50,000, சரக்குக்காரருக்குப் பாக்கி 40,000, மனைவிக்குக் கொடுக்காமல் நின்ற மஹர் 50,000. மஹரை நம்மில் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நண்பரின் பணத்தைப் போலவே அதுவும் கடன். மனைவி முதலில் கடன்காரராக 50,000 வாங்குகிறார், பிறகு வாரிசாகப் பங்கும் பெறுகிறார்.

மொத்தக் கடன் 2,40,000 போக மிஞ்சுவது 2,40,000. இவர் வஸிய்யத் செய்யவில்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று 30,000. மீதி 2,10,000-இல் மகனுக்கு 1,05,000, மகள்களுக்கு ஆளுக்கு 52,500.

கடன் 6,00,000 ஆக இருந்தால்? இருப்பதோ 4,80,000. அப்போது அடகில்லாத கடன்காரர் ஒவ்வொருவரும் ரூபாய்க்கு 80 காசு வாங்கிக்கொள்வார்கள். மஹரும் அப்படியே. வாரிசுகளுக்குப் பங்கு எதுவும் இல்லை. நின்றுபோன 1,20,000-ஐ மகன் தம் சம்பாத்தியத்திலிருந்து கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்ல. கொடுத்தால் அது வாப்பாவுக்குச் செய்யும் பெரிய நன்மை. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: இறந்தவரின் சொத்தில் வாரிசு கைக்கு வந்த அளவுக்கு மட்டுமே பொறுப்பு.

பங்கு வைத்த பிறகு கடன்காரர் வந்தால்தான் சிக்கல். 1885-இல் அலகாபாத் உயர் நீதிமன்ற முழு அமர்வு, ஜாஃப்ரி பேகம் வழக்கில் இதைத் தீர்த்து வைத்தது. நீதிபதி சையத் மஹ்மூத் எழுதிய அந்தத் தீர்ப்பின்படி, மௌத்தான உடனேயே சொத்து வாரிசுகளுக்கு அவரவர் பங்கில் போய்விடுகிறது, கடன் பொறுப்பும் அதே விகிதத்தில்தான். நம் கணக்கில், கடனைக் கொடுக்காமல் 4,80,000-ஐயும் பிரித்துக்கொண்டார்கள் என்று வையுங்கள். மகன் கைக்கு 2,10,000 வந்திருக்கும். நண்பர் மகனிடம் மட்டும் 1,50,000-ஐயும் கேட்க முடியாது. மகனின் விகிதப்படி 65,625 மட்டுமே கேட்கலாம். மீதியை மனைவியிடமும் மகள்களிடமும் தனித்தனியாகக் கேட்டு அலைய வேண்டும். அதற்குள் ஒருவர் தம் பங்கைச் செலவழித்திருப்பார். பங்கு வைப்பதற்கு முன்பே கடனைத் தீர்க்கச் சொல்வதன் காரணம் புரிகிறதா? அண்ணன் ஒருவராகவே கடனுக்காகத் தங்கையின் பங்கையும் சேர்த்து விற்றுவிடவும் முடியாது. 1917-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு அதையும் தெளிவாக்கியிருக்கிறது. விற்பதானால் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும்.

புரோநோட்டு மூன்று வருடம் தாண்டினால் நீதிமன்றத்தில் செல்லாமல் போகலாம். அதனால் அல்லாஹ்விடம் கடன் தீர்ந்ததாகாது. வங்கிக் கணக்கில் நாமினியாக இருப்பவரும் பணத்தை வாங்கிக்கொள்ள மட்டுமே உரியவர், அது மொத்தச் சொத்தில் சேர்ந்துதான் கடனுக்கும் பங்குக்கும் போகும்.

இதற்கு வெளியே இருவர் தம் சொந்தப் பணத்தால் பொறுப்பாகிறார்கள். ஒருவர், கடன் பத்திரத்தில் கூட்டாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போட்டவர். மனைவியானாலும் மச்சானானாலும் அவர் சொத்தில்லாவிட்டாலும் கட்ட வேண்டும். மற்றவர், ஜனாஸாவில் "எல்லாக் கடனும் என் பொறுப்பு" என்று வாய் திறந்து ஏற்றவர். நபி (ஸல்) அவர்கள் கடனோடு இறந்த ஒருவருக்குத் தாம் தொழுவிக்காமல் ஒதுங்கியபோது, அபூ கதாதா (ரலி) அந்தத் தீனார்களைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழுவித்தார்கள். பிறகு வெற்றிகளால் செல்வம் வந்தபோது, கடனோடு இறந்தவரின் கடனைத் தாமே அடைப்பதாகவும் நபி (ஸல்) அறிவித்தார்கள். எனவே அழுகையோடு நிற்கும் பிள்ளைகளை அப்படிச் சொல்ல வைக்காதீர்கள் என்று ஜமாஅத் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். "மையித்தின் சொத்திலிருந்து தருகிறோம், வந்து பதிவு செய்யுங்கள்" என்று அறிவித்தால் போதும். சொத்துப் போதாத குடும்பங்கள் கடன் விவரம், சாட்சி, புரோநோட்டு நகலோடு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தால், முதலில் கடன்காரர்களை அழைத்துப் பேசி, விட்டுத்தர மனமுள்ளவர்களிடம் எழுதி வாங்கிய பிறகு, மீதிக்குப் பொது ஸதகா நிதியிலிருந்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.