128க்குப் பிறகு 131

கேள்வி: ஐயா, ஓய்வு பெற்ற பிறகு ஐங்குறுநூற்றை நாளுக்குப் பத்துப் பாட்டாகப் படித்து வருகிறேன். பதின்மூன்றாம் நாள் 128ஆம் பாட்டு முடிந்ததும் 129, 130 என்று எண் மட்டும் இருக்கிறது, கீழே "கிடைக்கவில்லை" என்று ஒரு சொல். அடுத்தது 131. என் கையில் இருப்பது மலிவுப் பதிப்பு. அச்சில் விட்டுவிட்டார்களா? இல்லை என்றால், கிடைக்காத பாட்டுக்கு எப்படி எண் போட்டார்கள்? அதில் என்ன இருந்தது என்று யாராவது சொல்ல முடியுமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அச்சகத்தைத் திட்ட வேண்டாம். 1903இல் உ.வே.சாமிநாதையர் ஐங்குறுநூற்றை முதன்முதலில் அச்சிட்டபோதே அந்த இரண்டு பாட்டும் இல்லை. அவருக்குக் கிடைத்த ஏடுகளிலேயே அவை போய்விட்டிருந்தன.

நாளுக்குப் பத்து என்று நீங்கள் வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் இந்த நூலைக் கட்டியவர்களும் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். ஐந்து திணைக்கு ஐந்து புலவர், ஆளுக்கு நூறு பாட்டு. ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்து, ஒவ்வொரு பத்துக்கும் தனிப் பெயர். இரண்டாம் நூறு நெய்தல், பாடியவர் அம்மூவனார். அதில் 121இல் தொடங்குவது 'கிழவற்கு உரைத்த பத்து'. பெயரிலேயே பத்து என்று இருக்க, எண்ணிப் பார்த்தால் எட்டுதான் தேறுகிறது. அடுத்து வருவது 'பாணற்கு உரைத்த பத்து'. அங்கே பேச்சு தலைவனை விட்டுப் பாணன் பக்கம் திரும்பிவிடுகிறது, பாட்டும் குறையாமல் பத்து இருக்கிறது. ஆகவே ஓட்டை இருப்பது முதல் பத்தின் கடைசியில். கிடைக்காத பாட்டுக்கு எண் வந்தது இந்தக் கணக்கால்தான்.

என்ன இருந்தது என்பதற்கு அந்த எட்டுப் பாட்டையும் வரிசையாக ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எட்டுக்கும் முதலடி ஒன்றே. 'கொண்கனே, உனக்கு வேண்டியவளை நாங்கள் பார்த்தோமே' என்று தலைவனைச் சீண்டுகிற அடி அது. பிறகு அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒரு சின்னக் காட்சி. ஒரு பாட்டில் நகை மணலில் விழுந்துவிட, அதைப் பற்றி வெள்ளாங்குருகிடம் விசாரிக்கிறாள். இன்னொன்றில், செய்து வைத்த மணற்பாவையை அலை கொண்டுபோன கோபத்தில் பொடிமணலை அள்ளிப் போட்டுக் கடலையே தூர்க்கப் பார்க்கிறாள். 128இல், உண்ணாத பாவைக்குப் பாலில்லாத மார்பைக் கொடுத்து ஊட்டுகிறாள். எட்டுமே மூன்றடிப் பாட்டு. எட்டும் 'ஊட்டுவோள்', 'தூர்ப்போள்' என்பதுபோல ஒரு 'ஓளே'யில் முடிகின்றன.

இப்போது 129ஐயும் 130ஐயும் பற்றி எவ்வளவு சொல்லலாம் என்று பாருங்கள். திணை நெய்தல், புலவர் அம்மூவனார், கேட்பவன் தலைவன். முதலடி அநேகமாகச் சொல்லுக்குச் சொல் தெரியும். நீளம் மூன்றடி, முடிவு 'ஓளே'. தெரியாதது நடுவில் இருந்த காட்சி மட்டும். அந்தப் பெண் இன்னும் இரண்டு விதமாக என்ன செய்தாள் என்பது போய்விட்டது. பாட்டின் உயிரே அதுதான் என்பது வேறு விஷயம்.

எப்படிப் போயிருக்கும்? இது என் ஊகம். ஓர் ஏடே தொலைந்திருந்தால் இவ்வளவு அளவாகப் போயிருக்காது. ஓலையில் அடி பிரிக்காமல் தொடர்ந்து எழுதுவார்கள், இரண்டு பக்கமும் எழுதுவார்கள். இந்த இரண்டு பாட்டும் சேர்ந்தால் சுமார் 22 சீர். ஓலையில் இரண்டு மூன்று வரிக்குமேல் வராது. ஏடு தொலைந்தால் முன்பின் பாட்டுகளும் பாதியில் அறுந்திருக்க வேண்டும். இங்கே 128 முழுதாக முடிகிறது, 131 முழுதாகத் தொடங்குகிறது. படியெடுத்தவர் 128இன் 'ஓளே'யை எழுதிவிட்டு நிமிர்ந்து, மறுபடி மூல ஏட்டைப் பார்க்கும்போது கண் 130இன் 'ஓளே'யில் போய் நின்றிருக்கலாம். ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி முடிகிற பாட்டுகளில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. எது கண்ணைத் தடுக்கிவிட்டதோ, அதுவே நமக்கு இன்று துப்பாகவும் இருக்கிறது.

எல்லா நூலும் இவ்வளவு உதவாது. அகநானூற்றில் ஒரு பாட்டு தொலைந்திருந்தால் எண்ணை வைத்தே திணையைச் சொல்லிவிடலாம்: ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை, 2, 8இல் முடிந்தால் குறிஞ்சி, 4 என்றால் முல்லை, 6 என்றால் மருதம், பத்துகள் நெய்தல். வேடிக்கை என்னவென்றால், இப்படி விடை சொல்லத் தயாராக இருக்கும் அந்த நூலில் நானூறும் இருக்கின்றன. புறநானூற்றில் 267, 268 இரண்டும் இல்லை, அங்கே வரிசை வாயே திறப்பதில்லை. 266 ஒரு சோழனிடம் பரிசில் கேட்பது; 269 ஒரு வீரன் கள்ளுண்ட கதையை ஔவையார் சொல்வது. நடுவில் எதுவும் இருந்திருக்கலாம். பழைய உரையும் 266ஓடு நின்றுவிடுகிறது என்பதால் அந்தக் கதவும் மூடியிருக்கிறது.

நற்றிணையின் கதை இன்னும் சுவையானது. அங்கே 234ஆம் பாட்டு இல்லை. நற்றிணை திணைவாரியாக அடுக்கப்பட்டதல்ல, அதனால் பக்கத்துப் பாட்டுகளைக் கேட்டுப் பயனில்லை. ஆனால் இறையனார் களவியல் உரையில் மேற்கோளாக ஒரு பாட்டு வருகிறது. பெண்ணைப் பெற்றவர்களிடம் பேசுகிற பாட்டு. சான்றோர் நடையாய் நடந்த வருத்தத்தையும் உங்கள் குடிப்பெருமையையும் எண்ணிப் பெண்ணைக் கொடுத்தால் நல்லது. அதை விட்டு, வரும் பொருளைக் கணக்குப் பார்த்தால், பங்குனி விழா நடக்கும் உறந்தையும் உள்ளி விழா நடக்கும் வஞ்சியும் சேர்ந்தாலும் இவளுக்கு ஈடாகாது என்கிறது. கல்யாணப் பேச்சில் இதைவிடப் பெரிய போடு போட முடியாது.

இந்தப் பாட்டு நமக்குக் கிடைத்த தொகைநூல் எதிலும் இல்லை. அகப்பொருள், ஆசிரியப்பா, 9 அடி. குறுந்தொகைப் பாட்டு 4 முதல் 8 அடி, நற்றிணை 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31 என்பது பொது அளவு. அளவெடுத்தால் இது நற்றிணை வீட்டுப் பிள்ளை, அந்த வீட்டில் காலியாக இருப்பது ஒரே ஒரு இடம். அதனால்தான் இதுவே 234ஆக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதினார்கள். உங்கள் நற்றிணைப் பதிப்பில் அந்த எண்ணுக்குக் கீழே இதைக் குறிப்பாகக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

நான் பதிப்பாசிரியராக இருந்தாலும் குறிப்பாகத்தான் கொடுப்பேன், பாட்டாகச் சேர்க்கமாட்டேன். உரைகாரர் பாட்டைச் சொல்கிறாரே தவிர அது எந்த நூல் என்று சொல்லவில்லை. எந்தத் தொகையிலும் சேராமல் உரைகளில் மட்டும் தங்கிப்போன பழம்பாட்டுகள் வேறு பலவும் உண்டு, அவற்றிலும் 9 அடிக்காரர்கள் இருப்பார்கள். 129, 130 விஷயத்தில் நமக்கு இடம் தெரியும், பாட்டு கிடைக்கவில்லை. இங்கே பாட்டு கையில் இருக்கிறது, அதன் இடம் இதுதான் என்பதற்குச் சாட்சி இல்லை.