மாறியவர்களை மட்டும் எண்ணுவோம்: மெக்நெமார் சோதனை

ஒரு தாமானில் இரத்த அழுத்தச் சோதனை முகாம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 பெரியவர்கள் வருகிறார்கள். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் ‘உயர்வு’ என்றும், குறைவாக இருந்தால் ‘சீர்’ என்றும் அட்டையில் எழுதுகிறார்கள். முதல் நாளில் 40 பேருக்கு உயர்வு.

அடுத்த மூன்று மாதங்களுக்கு உப்பைக் குறைத்துச் சமைக்கவும் மாலையில் நடக்கவும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிறகு அதே 100 பேருக்கும் மீண்டும் சோதனை. இம்முறை உயர்வு 28 பேருக்குத்தான். 40 என்பது 28 ஆகிவிட்டது. இது உண்மையான மாற்றமா? அல்லது ஏறி இறங்கும் இயல்புடைய இரத்த அழுத்தம் தற்செயலாகக் காட்டிய வேறுபாடா?

மாணவர்களே, 40, 28 என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு இக்கேள்விக்குச் சரியான விடை சொல்ல முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

நான்கு பெட்டிகள்

ஒவ்வொருவரிடமும் இரண்டு முடிவுகள் உள்ளன: முன் எடுத்தது, பின் எடுத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 100 பேரும் நான்கு பெட்டிகளுக்குள் அடங்கிவிடுவர். நம் முகாமில் அவர்கள் இப்படிப் பிரிந்தார்கள் என்று கொள்வோம்:

- முன்பும் உயர்வு, பின்பும் உயர்வு: 23 பேர்
- முன்பு உயர்வு, பின்பு சீர்: 17 பேர்
- முன்பு சீர், பின்பு உயர்வு: 5 பேர்
- முன்பும் சீர், பின்பும் சீர்: 55 பேர்

கூட்டிச் சரிபாருங்கள். முன்பு உயர்வு 23 + 17 = 40. பின்பு உயர்வு 23 + 5 = 28.

இந்த நான்கில் முதல் பெட்டியும் கடைசிப் பெட்டியும் மாற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அந்த 78 பேரும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். 40க்கும் 28க்கும் உள்ள 12 பேர் வேறுபாடு முழுவதும் நடுவிலுள்ள இரண்டு பெட்டிகளிலிருந்தே வருகிறது: 17 − 5 = 12. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மாறியவர்கள் 22 பேர்; அவர்களில் 17 பேர் ஒரு பக்கமும் 5 பேர் மறுபக்கமும் போனது தற்செயலாக நடக்கக் கூடியதா?

இப்படி மாறியவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடும் முறையை அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழக உளவியலாளர் குவின் மெக்நெமார் 1947இல் வெளியிட்டார். அவர் பெயராலேயே அது இன்று மெக்நெமார் சோதனை எனப்படுகிறது.

நாணயத்தைச் சுண்டுவோம்

பயிற்சியால் எந்தப் பலனும் இல்லை என்று சற்று நேரம் எண்ணிக்கொள்ளுங்கள். அப்போதும் சிலர் மாறுவார்கள். ஆனால் உயர்விலிருந்து சீருக்கு வருவதும், சீரிலிருந்து உயர்வுக்குப் போவதும் சம வாய்ப்புடன் நடக்கும். மாறியவர் ஒவ்வொருவரும் சுண்டப்பட்ட ஒரு நாணயம் போன்றவர்: தலை விழுந்தால் சீர், பூ விழுந்தால் உயர்வு.

இரண்டு நாணயங்களைச் சுண்டினால் நான்கு விளைவுகள் உண்டு: தலை தலை, தலை பூ, பூ தலை, பூ பூ. தலையின் எண்ணிக்கையிலிருந்து பூவின் எண்ணிக்கையைக் கழித்தால் முறையே 2, 0, 0, −2. அவற்றின் வர்க்கங்கள் 4, 0, 0, 4. சராசரி 2. நாணயங்களின் எண்ணிக்கையும் 2! மூன்று நாணயங்களுக்குச் செய்தால் சராசரி 3 வரும். எத்தனை நாணயங்களுக்கும் இது பொருந்தும்.

எனவே வேறுபாட்டின் வர்க்கத்தை நாணயங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், தற்செயல் மட்டுமே வேலை செய்யும்போது சராசரியாக 1 கிடைக்கும். மெக்நெமாரின் சூத்திரம் இதுவே. ஒரு பக்கம் மாறியவர்கள் b, மறுபக்கம் மாறியவர்கள் c என்றால்:

(b − c)² ÷ (b + c)

நம் முகாமுக்கு: (17 − 5)² ÷ (17 + 5) = 144 ÷ 22 = 6.55.

1 வர வேண்டிய இடத்தில் 6.55 வந்திருக்கிறது. தற்செயலால் மட்டும் இந்த அளவு 3.84ஐத் தாண்டுவது 100 தடவையில் ஏறக்குறைய 5 தடவைதான். ஆகவே 3.84ஐ ஓர் எல்லைக்கோடாக வைத்துக்கொள்வது வழக்கம். நம் விடை கோட்டைத் தாண்டிவிட்டது. மாற்றம் வெறும் தற்செயல் என்று சொல்வது கடினம்.

இப்போது அதே 40, 28 எண்களை வைத்து வேறொரு முகாமைக் கற்பனை செய்யுங்கள். அங்கு 30 பேர் உயர்விலிருந்து சீருக்கு வந்தார்கள். 18 பேர் சீரிலிருந்து உயர்வுக்குப் போனார்கள். வேறுபாடு அதே 12. ஆனால் 144 ÷ 48 = 3.0. கோட்டைத் தாண்டவில்லை! மொத்த எண்கள் ஒன்றாக இருந்தும் முடிவு வேறாகிவிட்டது. 40, 28 மட்டும் போதாது என்று தொடக்கத்தில் சொன்னதன் காரணம் இதுதான். முகாமில் அட்டைகளைப் பெயரோடு அல்லது எண்ணோடு இணைத்து வைக்காவிட்டால், நான்கு பெட்டிகளை யாராலும் திரும்ப உருவாக்க முடியாது.

ஜோடியைப் பிரித்ததால் வந்த தவறு

உண்மையில் நடந்த ஒரு கதை இருக்கிறது. ஹாட்ஜ்கின் நோய் என்பது நிணநீர் மண்டலத்தில் வரும் ஒருவகைப் புற்றுநோய். தொண்டையிலுள்ள டான்சிலை அறுவை சிகிச்சையில் நீக்கியவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறதா என்று 1970களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள்.

1972இல் வெளியான ஓர் ஆய்வு 85 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. ஒவ்வொருவருக்கும், நோயில்லாத அவருடைய உடன்பிறந்தவர் ஒருவரை இணையாகச் சேர்த்தது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்பதால் ஒப்பீடு நியாயமாக இருக்கும். நோயாளிகளில் 41 பேருக்கு டான்சில் நீக்கப்பட்டிருந்தது; உடன்பிறந்தவர்களில் 33 பேருக்கு. ஆய்வாளர்கள் இவர்களை இரண்டு தனித்தனிக் குழுக்களாகக் கருதி, அதற்குரிய கை-வர்க்கச் சோதனையைச் செய்தார்கள். விடை 1.53. தொடர்பு இருப்பதற்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள்.

வாசகர்கள் சிலர் இதழுக்குக் கடிதம் எழுதித் தவற்றைச் சுட்டிக்காட்டினார்கள். நோயாளியும் உடன்பிறந்தவரும் ஒரு ஜோடி. ஒரு பிள்ளைக்கு டான்சில் நீக்கிய பெற்றோர் மற்றப் பிள்ளைக்கும் நீக்கியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஒற்றுமையைக் கணக்கில் எடுக்க வேண்டாமா?

ஜோடிகளைப் பிரித்துப் பார்த்தால், 26 ஜோடிகளில் இருவருக்கும் டான்சில் நீக்கம். 37 ஜோடிகளில் இருவருக்கும் இல்லை. 15 ஜோடிகளில் நோயாளிக்கு மட்டும். 7 ஜோடிகளில் உடன்பிறந்தவருக்கு மட்டும். மெக்நெமார் சோதனை (15 − 7)² ÷ 22 = 64 ÷ 22 = 2.91 என்கிறது. இதுவும் 3.84ஐத் தாண்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் 1.53ஐவிடக் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. ‘தொடர்பு இல்லை’ என்று கேள்வியை மூடிவிடும் நிலையில் அந்தத் தரவு இல்லை. தரவைச் சேகரிக்கும்போது கவனமாகச் சேர்த்த ஜோடியைக் கணக்கில் பிரித்துவிட்டதால், தரவு சொல்ல வந்தது பாதி மறைந்துபோனது.

நம் முகாமிலும் இதே தவற்றைச் செய்து பார்க்கலாம். 100 பேரை 200 வெவ்வேறு ஆட்களாகக் கருதினால் கை-வர்க்க விடை 3.21தான் வரும், 6.55 காணாமல் போய்விடும்.

சூத்திரம் ஏமாற்றும் இடங்கள்

முதலாவது, மாறியவர்கள் மிகக் குறைவாக இருக்கும்போது. ஐந்து பேர் மட்டும் மாறினார்கள், ஐவரும் சீருக்கே வந்தார்கள் என்போம். சூத்திரப்படி 25 ÷ 5 = 5. கோட்டைத் தாண்டியாயிற்று. ஆனால் ஐந்து நாணயங்களும் ஒரே பக்கம் விழுவது அவ்வளவு அரிதா? மொத்தம் 32 விளைவுகளில் எல்லாம் தலை ஒன்று, எல்லாம் பூ ஒன்று. 2 ÷ 32 = 6.25 விழுக்காடு. இது 5 விழுக்காட்டைவிட அதிகம்! 3.84 என்ற கோடு நிறையப் பேர் மாறும்போதுதான் நம்பத்தக்கது. மாறியவர்கள் 25க்குக் கீழ் இருந்தால் ஈருறுப்புப் பரவலைக் கொண்டு நேரடியாக எண்ணிவிடுவது பாதுகாப்பானது. நம் 22 பேருக்கும் அப்படி எண்ணினால், 17க்கு 5 அல்லது அதைவிடச் சாய்வான பிரிவு எந்தப் பக்கமாவது வர 1,000இல் ஏறக்குறைய 17 வாய்ப்புதான். முடிவு மாறவில்லை.

இரண்டாவது, முதல் சோதனையில் உயர்வாக இருந்தவர்களை மட்டும் மறுபடி அழைப்பது. செலவைக் குறைக்க இப்படிச் செய்யத் தோன்றும். ஆனால் அழைக்கப்பட்டவர்களில் யாரும் சீரிலிருந்து உயர்வுக்குப் போக வழியே இல்லை. c எப்போதும் 0. எந்தப் பயிற்சியும் தராமல் விட்டாலும் சோதனை பெரிய எண்ணைக் காட்டும்.

மூன்றாவது, காரணத்தைத் தேடுவது. மாற்றம் தற்செயல் அல்ல என்று மட்டுமே சோதனை சொல்கிறது. எதனால் என்று சொல்வதில்லை. முதல் தடவை கருவியைக் கட்டும்போது பதற்றத்தில் அழுத்தம் ஏறுவதும், அடுத்த தடவை பழகிப்போய் இறங்குவதும் உண்டு. பயிற்சியால்தான் குறைந்தது என்று சொல்ல, பயிற்சி பெறாத இன்னொரு குழுவையும் இரண்டு முறை சோதிக்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

முதலுதவிப் பாடத்துக்கு முன்னும் பின்னும் 50 மாணவர்களிடம் ஒரே கேள்வி கேட்கப்பட்டது எனக் கொள்வோம். இரு முறையும் சரி 12 பேர், தவற்றிலிருந்து சரிக்கு 14 பேர், சரியிலிருந்து தவற்றுக்கு 4 பேர், இரு முறையும் தவறு 20 பேர். சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். பிறகு, ஈருறுப்புப் பரவல் படித்தவர்கள் 18 நாணயங்களாக எண்ணியும் பாருங்கள்.

விடை: 100 ÷ 18 = 5.56, நேரடியாக எண்ணினால் ஏறக்குறைய 3 விழுக்காடு. இரண்டும் ஒரே முடிவையே தருகின்றன.