தீவுன்னு நினைச்சு நங்கூரம் போட்டவன்: மில்டனின் நீள் உவமைகளும் அழைப்புகளும்

ஆங்கில இலக்கியம் எடுத்த முதல் வருஷ நண்பர்களுக்கும், எலெக்டிவ்ல தெரியாத்தனமா இலக்கியப் பேப்பரை டிக் பண்ணின நம்ம ஆட்களுக்கும் இந்தக் கட்டுரை. ஜான் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' பாடத்துல இருந்தா, "இந்தக் காவியத்தில் எபிக் சிமிலியும் இன்வொகேஷனும் எப்படி இயங்குகின்றன?" என்ற கேள்விக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கும்.

வழக்கமான விடை எப்படி இருக்கும்? எபிக் சிமிலின்னா பல வரிகளுக்கு நீளும் உவமை, ஹோமர்கிட்ட இருந்து வந்தது. இன்வொகேஷன்னா கவிதைத் தெய்வத்தை அழைப்பது. ரெண்டும் கவிதைக்கு அழகும் கம்பீரமும் சேர்க்கின்றன. அவ்வளவுதான். இதுல தப்பு எதுவும் இல்ல, ஆனா கவிதையைப் படிக்காமலேயே எழுதிடலாம். உங்க பத்தி எப்படி இருக்குன்னு சோதிக்க ஒரு வழி உண்டு. நீங்க எடுத்துக்காட்டின உவமையைத் தூக்கிட்டு வேற ஒண்ணை வச்சுப் பாருங்க. பத்தி அப்படியே பொருந்தினா, நீங்க இன்னும் அந்த உவமையைப் பற்றி எதுவும் சொல்லலை.

அதனால ஒரே ஒரு உவமையை எடுத்து மெதுவாப் பார்ப்போம். முதல் புத்தகத்துல, ஏறக்குறைய இருநூறாவது வரியை ஒட்டி வருவது. போரில் தோற்ற சாத்தான் சொர்க்கத்திலிருந்து தள்ளப்பட்டு, நரகத்தின் நெருப்பு ஏரியில் மிதந்து கிடக்கிறான். அவன் உடம்பு எவ்வளவு பெரிசுன்னு கவிஞர் சொல்லணும். கிரேக்கப் புராணத்து ராட்சதர்களைச் சொல்றார். அது போதாம, லெவியத்தான் என்ற பைபிள் கடல் விலங்குக்குப் போறார். இதுவரைக்கும் அளவு பற்றிய பேச்சுதான். இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

ஆனா நிறுத்தலை. அந்த விலங்கு நார்வே பக்கத்துக் கடல்ல தூங்குதாம். இருட்டில் வழி தெரியாமப் போன ஒரு சின்னப் படகின் மாலுமி அதைத் தீவுன்னு நினைச்சுடறான். மாலுமிகள் அப்படிச் சொல்லக் கேள்வி என்று மில்டனே சேர்த்துக்கிறார். அதன் செதில் தோல்ல நங்கூரத்தைப் போட்டு, காத்துக்கு மறைவா படகைக் கட்டிட்டு, விடியலுக்காகக் காத்திருக்கான். விடியல் வர்றதா இல்லை. உடனே கவிஞர் "அப்படி நீண்டு கிடந்தான் சாத்தான்" என்ற பொருளில் கதைக்குத் திரும்பிடறார்.

இப்ப கேள்வி: அளவைச் சொல்ல அந்த மாலுமி எதுக்கு? படகு, நங்கூரம், காத்து மறைவு, விடியல், இதுல எதுவும் சாத்தான் எவ்வளவு நீளம்னு சொல்லலை. ஹோமர்கிட்டயும் இப்படிக் கிளை பிரியும் உவமைகள் உண்டு. 'இலியட்' நான்காம் புத்தகத்துல, மெனலாவுஸ் தொடையில் வழியும் ரத்தத்துக்கு உவமை, ஒரு பெண் தந்தத்துக்குச் சாயம் ஏற்றுவது. அது குதிரையின் கன்னத்துக்கு வைக்கிற அணி, பல வீரர்கள் ஆசைப்படுறாங்க, ஆனா ஒரு ராஜாவுக்காகப் பத்திரமா வைக்கப்பட்டிருக்குன்னு நீளும். ரத்தத்தின் நிறத்துக்கு அந்த ராஜா தேவையில்லை. போர்க்களத்திலிருந்து நம்மைக் கொஞ்ச நேரம் வீட்டு வேலை நடக்கும் இடத்துக்குக் கூட்டிட்டுப் போகுது அந்த உவமை. அதுவே அதன் வேலைன்னு சொல்லலாம்.

மில்டன்கிட்ட உபரி மாதிரித் தெரியறதுதான் பெரும்பாலும் முக்கியமான வேலையைச் செய்யும். திமிங்கிலத்தைத் தீவுன்னு நம்பி ஏமாறும் கதை ஐரோப்பாவில் ரொம்பப் பழசு. இடைக்கால விலங்குக் கதை நூல்கள்ல அந்தத் திமிங்கிலம் சாத்தானுக்கே உருவகம். மாலுமிகள் அதன் முதுகில் இறங்கி நெருப்பு மூட்டுவாங்க, சூடு பட்டதும் அது கடலுக்குள் மூழ்கி எல்லாரையும் இழுத்துட்டுப் போயிடும். மில்டன் காலத்துப் படித்த வாசகருக்கு இந்த முடிவு தெரிஞ்சிருக்கும். ஆனா மில்டன் அந்த முடிவைச் சொல்லவே இல்லை. மாலுமியை இருட்டில், நம்பிக்கையோடு, சாத்தானின் உடம்பில் கட்டிப்போட்டு விட்டுட்டுப் போயிடறார்.

கதையில அப்போ மனுஷனே இல்லைங்கறதைக் கவனிங்க. ஆதாமும் ஏவாளும் நாலாம் புத்தகத்துலதான் நேர்ல வருவாங்க. ஆனா உவமைக்குள்ள ஒரு மனுஷன் முன்கூட்டியே வந்துட்டான், வந்ததுமே ஏமாந்தும் போயிட்டான். இன்னொண்ணு, உவமை முடிந்த அடுத்த வரிகளையும் விட்டுடாதீங்க. மேலே இருக்கிறவர் விட்டதாலதான் சாத்தானால் தலையைத் தூக்கவே முடிந்ததுன்னு கவிஞர் உடனே சொல்றார். உவமை அவனைப் பயங்கரமாக் காட்டுது, அடுத்த வரி அவன் கயிறு வேறொருத்தர் கையில இருக்குன்னு காட்டுது. உவமையை மட்டும் வெட்டி எடுத்து எழுதினா இந்த இழுபறி கையை விட்டுப் போயிடும்.

தமிழ்ல யோசிக்கிற நமக்கு ஒரு சின்னச் சிக்கலும் உண்டு. நம்ம மொழியில 'போல' உவமைக்குப் பின்னாடி வரும். மில்டன் 'போல'வுக்கு இணையான சொல்லை முன்னாடியே வச்சுட்டு, எது அப்படி இருந்ததுங்கறதுக்குப் பத்து வரி காக்க வைப்பார். அந்தப் பத்து வரியில நாம சாத்தானை மறந்துட்டு மாலுமியோட இருக்கோம். அந்த 'அப்படி' என்ற சொல் வரும் இடத்தைப் பென்சில்ல வட்டம் போட்டு வச்சுக்கிட்டா, உவமை எங்க முடிஞ்சு கதை எங்க தொடருதுன்னு குழப்பம் வராது.

இனி இன்வொகேஷன். பாரடைஸ் லாஸ்ட் 1667ல பத்துப் புத்தகங்களா வந்து, 1674ல பன்னிரண்டாப் பிரிக்கப்பட்டது. நாம படிக்கிற பன்னிரண்டு புத்தக வடிவத்துல 1, 3, 7, 9 ஆகியவற்றின் தொடக்கத்தில் கவிஞர் தன் குரலில் பேசுகிறார். கவிதை இடமோ தொனியோ மாறும் இடங்கள் இவை. மூன்றில் நரகத்திலிருந்து சொர்க்கத்துக்கு, ஏழில் உலகப் படைப்புக்கும் பூமிக்கும், ஒன்பதில் சோகத்துக்கு.

நம்மூர்க் கடவுள் வாழ்த்து மாதிரின்னு ஒரு வரியில முடிச்சுடாதீங்க. கடவுள் வாழ்த்து துதிக்கும், சரணடையும். காவிய இன்வொகேஷன் அதோட தகவலும் கேட்கும். இலியட் இரண்டாம் புத்தகத்துல கப்பல் பட்டியலுக்கு முன்னாடி ஹோமர் சொல்ற காரணம் இதுதான்: தேவதைகளே, நீங்கள் அங்கே இருந்தீர்கள், எல்லாம் தெரிந்தவர்கள், எங்களுக்கோ கேள்விப்பட்டது மட்டும்தான். அதாவது, கண்ணால பார்க்காததை எப்படிப் பாடறதுங்கற கேள்விக்கு இன்வொகேஷன் ஒரு பதில். மில்டனும் முதல் புத்தகத்துல, உன் கண்ணுக்கு எதுவும் மறைவில்லை, ஆகவே சொல் என்று கேட்கிறார். முதல் பெற்றோரைக் கெடுத்தது யார் என்ற கேள்விக்கு வரும் பதில்தான் சாத்தான். கேள்வி எங்க முடிஞ்சது, கதை எங்க ஆரம்பிச்சதுன்னு தெரியாமலேயே நாம கதைக்குள்ள போயிடறோம்.

அடக்கம் விஷயத்துலயும் வித்தியாசம் உண்டு. கம்பர் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனையாகத் தன்னைச் சொல்லிக்கிறார். மில்டன் இதுவரை யாரும் முயலாததை முயலப் போறேன்னு நேரடியாவே சொல்றார். (வேடிக்கை என்னன்னா, அந்தப் பெருமைப் பேச்சே இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோ ஏற்கெனவே சொன்னதின் எதிரொலி.)

மூன்றாம் புத்தகத்து அழைப்புதான் நம்ம மாலுமியோட போய்ச் சேருது. மில்டன் 1652 வாக்கில் பார்வையை முழுசா இழந்தவர். இந்தக் காவியத்தைச் சொல்லச் சொல்ல மற்றவங்கதான் எழுதினாங்க. முதல் ரெண்டு புத்தகம் நரக இருட்டுல நடந்துட்டு, மூன்றாவதில் ஒளியையே அழைத்துப் பேசுகிறார். நான் உன்னிடம் திரும்பி வந்துட்டேன், ஆனா நீ என் கண்ணுக்குத் திரும்பலை. பருவங்கள் திரும்புது, எனக்குப் பகல் திரும்பலை. கடைசியில கேட்கறது கண்பார்வையை இல்லை. உள்ளே ஒளி வேணும், மனுஷக் கண்ணுக்குத் தெரியாததைப் பார்த்துச் சொல்லணும்.

இப்ப ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. உவமையில கண்ணுள்ள மாலுமி இருட்டில் தப்பாப் பார்க்கிறான். அழைப்பில் கண்ணில்லாத கவிஞர் சரியாப் பார்க்க உதவி கேட்கிறார். உங்க கட்டுரைக்கு மைய வாதமா இதையே வைக்கலாம்: மில்டன்கிட்ட உவமையும் அழைப்பும் 'மனிதன் எதை நம்பிப் பார்க்கிறான்' என்ற ஒரே கேள்வியின் ரெண்டு பக்கம்.

இதுக்கு ஆதாரம் முதல் புத்தகத்துலயே இன்னும் கிடைக்கும். சாத்தானின் கேடயத்துக்கு உவமை நிலா, அதுவும் கலிலியோ தொலைநோக்கி வழியா மாலையில் பார்க்கிற நிலா. அதன் புள்ளிகள் நடுவே புது நிலங்களையும் ஆறுகளையும் மலைகளையும் அவர் தேடுகிறார். மில்டன் இத்தாலி போனபோது கலிலியோவைச் சந்தித்ததா 1644ல வந்த 'ஏரியோபஜிட்டிகா'வில் எழுதியிருக்கார், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனாலும் ஐந்தாம் புத்தகத்துல, தேவதூதன் பார்வையோட ஒப்பிடும்போது அந்தத் தொலைநோக்கி அவ்வளவு உறுதியில்லாதது, அது பார்க்கும் நிலங்கள் கற்பனைன்னு சொல்லிடறார்.

வாதத்தை ரொம்ப இழுக்கவும் கூடாது. அதே புத்தகத்துல தேனீ உவமைக்குள் பார்க்கிற ஆள் யாருமில்லை. செங்கடல் உவமையில் இஸ்ரவேலர் பாதுகாப்பான கரையில் நின்று, மிதக்கும் பிணங்களைச் சரியாகவே பார்க்கிறாங்க. எல்லா உவமையும் ஏமாற்றம்னு எழுதினா ஆசிரியர் இந்த ரெண்டையும் காட்டி மார்க் குறைப்பார். நீங்களே ஒரு பத்தியில சொல்லிட்டா வாதம் வலுக்கும். இஸ்ரவேலருக்குத் தெளிவாத் தெரியக் காரணம், அவங்க ஆபத்தைக் கடந்து வந்துட்டவங்க.

கடைசி எடுத்துக்காட்டா, முதல் புத்தகம் முடியும் இடத்தை எடுத்துக்குங்க. மலை மாதிரி இருந்த பிசாசுகள் மண்டபத்துக்குள் இடம் கிடைக்க, குள்ளர்களாச் சுருங்குகின்றன. உவமையா வருவது நள்ளிரவில் வீடு திரும்பும் ஒரு குடியானவன். காட்டோரத்தில் குட்டித் தேவதைகள் ஆடுவதை அவன் பார்க்கிறான், அல்லது பார்ப்பதாகக் கனவு காண்கிறான். எதுன்னு மில்டன் முடிவு பண்ணலை. அவன் மனசுல சந்தோஷமும் பயமும் ஒண்ணாத் துள்ளுது. அந்த நேரத்துல மண்டபத்தின் உள்ளே பெரிய தலைவர்கள் மட்டும் சுருங்காம, தங்கள் முழு அளவிலேயே உட்கார்ந்து கூட்டம் ஆரம்பிக்கிறாங்க.